அத்திப்பள்ளியைத் தாண்டும் ஊறுகாய் பாட்டில்: பக்க வருமானம் பெருகும்போது எழும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மாங்காய் சீசன் தொடங்கினால் என்னிடம் ஒரே மாதிரி ஆட்கள் வருவார்கள். ஓசூரில் கம்பெனி வேலை, வீட்டில் அம்மாவோ மனைவியோ போடும் ஊறுகாய், தொக்கு, வாட்ஸ்அப்பில் ஆர்டர். முதல் வருடம் விளையாட்டாகப் போனது, மூன்றாவது வருடம் பயமாக மாறியிருக்கும். அவர்கள் கேட்டவற்றை அப்படியே கீழே வைத்திருக்கிறேன். கணக்கு புரிய ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் வீடு, வருடத்துக்கு 6,80,000 ரூபாய்க்கு ஊறுகாய் விற்பனை. தொகைகள் எடுத்துக்காட்டுக்காக நான் போட்டவை. வருமான வரி விகிதங்கள் 2025-26 நிதியாண்டுக்கானவை, ஜிஎஸ்டி விகிதங்கள் 2025 செப்டம்பர் 22 முதல் உள்ளவை.

மாசம் அம்பது அறுபதாயிரத்துக்கு ஊறுகாய் போகுது. இதெல்லாம் வருமானமா? கைச்செலவுக்கு வர்ற காசுதானே?

சட்டத்தில் கைச்செலவுக் காசு என்று ஒரு வகை கிடையாது. ஆனால் அந்த ஐம்பதாயிரம் முழுவதும் வருமானமும் இல்லை. இரண்டு எண்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். விற்று வந்த மொத்தப் பணம் ஒன்று. மாங்காய், எண்ணெய், பாட்டில், கூலி எல்லாம் போக மிஞ்சுவது இன்னொன்று. ஜிஎஸ்டிக்காரர்கள் பார்ப்பது முதல் எண்ணை. வருமான வரி கேட்பது இரண்டாவதை. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேரின் பயம் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் வருவது. "ஏழு லட்சம் வித்திருக்கேன், ஏழு லட்சத்துக்கும் வரியா?" என்று கேட்பார்கள். இல்லை.

நம் குடும்பத்தின் செலவு இப்படி: மாங்காய் 1,10,000, நல்லெண்ணெய் 1,35,000, மிளகாய், வெந்தயம், கடுகு, உப்பு வகையில் 75,000, கண்ணாடி பாட்டிலும் மூடியும் 80,000, பார்சல் 62,000, நறுக்க வரும் பெண்களுக்குக் கூலி 70,000, கேஸ் 28,000, லேபிள் முதலான சில்லறை 10,000. கூட்டினால் 5,70,000. மிச்சம் 1,10,000. விற்ற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் பதினாறு ரூபாய்க்குச் சற்று மேல் லாபம். இந்தப் பதினாறு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

நோட்டு போடச் சொல்றீங்க. என்னத்த எழுதணும்?

ஒரு நீள நோட்டு போதும். கம்ப்யூட்டர் தெரிந்தால் எக்செல். இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் போனது. வந்த பக்கத்தில் ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்றால்: "மே 14, சந்தாபுரா, தொக்கு அரைக் கிலோ 6 பாட்டில், 1,320, யுபிஐ." அவ்வளவுதான். தேதி, ஊர், சரக்கு, தொகை, பணம் வந்த வழி.

இதில் எல்லோரும் விடுவது ஊர். பேர் எழுதுவார்கள், போன் நம்பர்கூட எழுதுவார்கள், ஊர் எழுத மாட்டார்கள். நம் மாவட்டத்தில் அந்த ஒரு சொல்தான் ஜிஎஸ்டி வேண்டுமா வேண்டாமா என்பதையே முடிவு செய்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

போன பக்கத்தில் பில் முக்கியம். எண்ணெய்க்கும் பாட்டிலுக்கும் பில் கேட்டு வாங்கலாம். மாங்காய் தோட்டத்திலிருந்து நேராக வருகிறது, அங்கே பில்லுக்கு எங்கே போவது? நீங்களே ஒரு சீட்டு எழுதுங்கள்: தேதி, விவசாயி பெயர், ஊர், எத்தனை கிலோ, கிலோ என்ன விலை, கையெழுத்து. பணத்தை யுபிஐயில் அனுப்பினால் சீட்டுக்கு சாட்சியும் ஆயிற்று. கூலிக்கும் இதேபோல வாரம் ஒரு தாள்.

நோட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் ஒரு வேலை செய்வேன். பாட்டிலை எண்ணுவேன். மே மாதம் 400 பாட்டில் வாங்கியதாகப் பில் சொல்கிறது. நோட்டுப்படி விற்றது 338. வீட்டில் காலியாக 31 இருக்கிறது. மீதி 31 எங்கே? உடைந்தது நாலு, சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தது பத்து என்று அம்மா சொல்வார். இன்னும் 17 பாட்டில், அதாவது 3,740 ரூபாய், ரொக்கமாக வந்து சமையலறை டப்பாவுக்குள் போயிருக்கும், நோட்டில் ஏறியிருக்காது. யாரும் ஏமாற்றவில்லை, எழுத மறந்ததுதான். ஆனால் இது மாதாமாதம் நடந்தால் வருடக் கடைசியில் கணக்கு நிற்காது. நினைவில் இருக்கும்போதே, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாட்டிலையும் நோட்டையும் பேங்க் ஸ்டேட்மெண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுவிடுங்கள்.

எல்லாம் சம்பள அக்கவுண்ட்லதான் விழுது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். 2025 ஜூலையில் பக்கத்தில் பெங்களூருவில் நடந்தது நினைவிருக்கும். யுபிஐயில் வந்த தொகையைப் பார்த்து கர்நாடக வணிகவரித் துறை சிறு கடைக்காரர்கள் பலருக்கு நோட்டீஸ் அனுப்பியது. வரியே இல்லாத பால், காய்கறி விற்றவர்களும் அதில் மாட்டிக்கொண்டு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. அந்த மாதம் அங்கே பல கடைகளில் க்யூஆர் அட்டையைக் கழற்றினார்கள். அட்டையைக் கழற்றியதால் பழைய வரவு மறைந்துவிடாது.

உங்கள் சம்பள அக்கவுண்டில் தம்பி திருப்பிக் கொடுத்த கடன், சீட்டுப் பணம், நண்பர்கள் பிரித்துக்கொண்ட டூர் செலவு எல்லாம் விழுகிறது. அவை எதுவும் வியாபாரம் இல்லை. ஆனால் மூன்று வருடம் கழித்து ஒருவர் கேட்டால், 600 வரிகளில் எது ஊறுகாய், எது சீட்டு என்று நீங்கள்தான் பிரித்துக் காட்ட வேண்டும். தனி அக்கவுண்ட் திறந்து, அதற்குத் தனி க்யூஆர் போட்டு, ஊறுகாய்ப் பணம் அங்கே மட்டும் வரட்டும். வீட்டுக்கு வேண்டியதை மாதம் ஒரு முறை அதிலிருந்து சம்பள அக்கவுண்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வியாபாரம் என்று சொன்னால் பேங்கில் கரண்ட் அக்கவுண்ட் திறக்கச் சொல்வார்கள். குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள்.

நாப்பது லட்சம் தாண்டினாத்தானே ஜிஎஸ்டி? எங்களுது ஏழு லட்சம்கூட இல்ல.

தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்கிறவருக்கு அந்த 40 லட்சம் சரி. பாப்பாரப்பட்டியிலோ அரூரிலோ இருந்து சேலத்துக்கும் சென்னைக்கும் அனுப்புகிறவர் நிம்மதியாக இருக்கலாம்.

நம் பக்கம் அப்படி இல்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 24ஆவது பிரிவு ஒரு பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலில் வருகிறவர் விற்பனை எவ்வளவு என்று பார்க்காமல் பதிவு செய்தாக வேண்டும். அதில் முதலில் நிற்பவர், வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்கிறவர். மாங்காய் ஊறுகாய் 5% வரி உள்ள பொருள். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி பஸ்ஸில் சில நிமிடம். ஆனால் அத்திப்பள்ளி கர்நாடகம். எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் உங்கள் பழைய கிளாஸ்மேட் கேட்டார் என்று நாலு பாட்டில் பார்சலில் போட்டு, அதற்குப் பணம் வாங்கினால், அது மாநிலம் தாண்டிய விற்பனை. அன்றைக்கே 40 லட்சம் என்ற வரம்பு உங்களுக்குப் பொருந்தாமல் போய்விடுகிறது.

நாகர்கோவிலுக்கு அனுப்பும் பாட்டிலுக்கு இல்லாத தலைவலி, எல்லைக்கு அந்தப் பக்கம், கிட்டத்திலேயே இருக்கும் சந்தாபுராவுக்கு அனுப்பும் பாட்டிலுக்கு இருக்கிறது. கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் சட்டம் தூரத்தைப் பார்க்கவில்லை, எல்லையைப் பார்க்கிறது. நோட்டில் ஊர் எழுதச் சொன்னது இதற்குத்தான்.

பெங்களூர்க்காரங்க ஊருக்கு வர்றப்போ வீட்டுக்கே வந்து வாங்கிட்டுப் போறாங்க. அதுவுமா?

இல்லை. ஜிஎஸ்டி பதிவில்லாத சாதாரண வாடிக்கையாளர் நேரில் வந்து வாங்கி, பில்லில் அவர் முகவரி எதுவும் எழுதப்படவில்லை என்றால், விற்றவர் இருக்கும் இடம்தான் விற்பனை நடந்த இடம். 2023 அக்டோபரிலிருந்து சட்டத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. அது தமிழ்நாட்டு விற்பனை.

"அப்போ பார்சல் அனுப்பும்போதும் பில்லில் முகவரி எழுதாமல் விட்டுவிடலாமே" என்று உடனே ஒருவர் கேட்பார். பார்சல் கட்டணச் சீட்டில் பெங்களூரு முகவரி இருக்கிறது, வாட்ஸ்அப்பில் லொகேஷன் இருக்கிறது. வேண்டாம்.

எங்க தோட்டத்து மாம்பழத்தையும் பெட்டி போட்டு அனுப்பறோம். அதுக்கும் ஜிஎஸ்டி எடுக்கணுமா?

பழமாக அனுப்பினால் வேண்டாம். செந்தூராவோ பெங்களூராவோ, புதிய பழத்துக்கு வரி கிடையாது. வரியே இல்லாத பொருளை மட்டும் விற்கிறவர் எந்த மாநிலத்துக்கு அனுப்பினாலும் பதிவு தேவையில்லை. சொந்த நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயிக்குத் தனியாகவும் விலக்கு இருக்கிறது. அதே மாங்காயை நறுக்கி உப்பும் மிளகாயும் போட்டு எண்ணெய் ஊற்றினால் அது வேறு பொருள். கேழ்வரகு மாவிலும் இப்படி ஒரு கோடு உண்டு. பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டினால் 5%, மூட்டையைப் பிரித்து நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லை.

வருமான வரியிலும் பழமாக விற்றது விவசாய வருமானம். ஊறுகாயாக விற்றதில், பயன்படுத்திய சொந்த மாங்காயின் அன்றைய சந்தை விலை அளவுக்கு விவசாயம், அதற்கு மேல் வருவது வியாபாரம். எனவே சொந்தத் தோட்டத்தில் பறித்ததையும் எத்தனை கிலோ, அன்றைய மண்டி விலை என்ன என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். காசு கைமாறவில்லை என்பதால் எழுதாமல் விடுவார்கள், அப்புறம் லாபம் ஊதிப்போய்த் தெரியும்.

பெங்களூர் அபார்ட்மெண்ட்ல ஒருநாள் ஸ்டால் போடக் கூப்பிடறாங்க.

அது இன்னொரு படி மேலே. சரக்கை அங்கே கொண்டுபோய் அங்கேயே விற்றால் நீங்கள் கர்நாடகத்தில் வியாபாரம் செய்கிறவர். அந்த மாநிலத்தில் தற்காலிகப் பதிவு எடுத்து, உத்தேச வரியை முன்கூட்டியே கட்ட வேண்டும். ஒருநாள் ஸ்டாலுக்கு இது கட்டுபடியாகாது. முன்பதிவு வாங்கிக்கொண்டு இங்கிருந்து பில் போட்டு அனுப்புவது எளிது.

ஜிஎஸ்டி எடுத்தா லாபம் எல்லாம் அதுக்கே போயிடுமே. பெங்களூர விட்டுடலாமா?

இது நல்ல கேள்வி. கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நம் குடும்பம் விற்ற 6,80,000இல் கர்நாடகத்துக்குப் போனது 1,60,000. பதினாறு சதவீத லாபம் என்று பார்த்தோம், எனவே பெங்களூருவால் வரும் லாபம் ஏறக்குறைய 26,000. பதிவு எடுத்துவிட்டால் வரி பெங்களூரு பாட்டிலுக்கு மட்டும் இல்லை, கிருஷ்ணகிரியில் விற்கும் பாட்டிலுக்கும் சேர்த்துத்தான். விலையை ஏற்ற முடியாது, அதே 220 ரூபாய்க்குத்தான் விற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 220க்குள் 5% அடங்கியிருக்கிறது என்றால் பாட்டிலுக்கு 10 ரூபாய் 48 பைசா வரி. மொத்த விற்பனைக்கு 32,381 ரூபாய். 26,000 சம்பாதிக்க 32,381 கட்டுவதா? இதோடு நிறுத்தினால் பெங்களூருவை விடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் வாங்கும்போது நீங்கள் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். பாட்டிலுக்கும் மூடிக்கும் கொடுத்த 80,000க்குள் 18% வரி இருக்கிறது, அது 12,203. நல்லெண்ணெய்க்குக் கொடுத்த 1,35,000க்குள் 5%, அது 6,429. இரண்டும் சேர்ந்து 18,632. 32,381இலிருந்து இதைக் கழித்தால் கையிலிருந்து கட்டுவது 13,749. இப்போது பெங்களூரு நிற்கிறது. ரிட்டர்ன் போட ஆடிட்டருக்குக் கொடுக்கும் கட்டணம் போனாலும் கொஞ்சம் மிஞ்சும்.

இந்த 18,632 கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு. பாட்டில் கடைக்காரரும் எண்ணெய்க்காரரும் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு பில் கொடுத்து, அதைத் தங்கள் ரிட்டர்னில் காட்டியிருக்க வேண்டும். துண்டுச்சீட்டில் வாங்கிய பாட்டிலுக்கு ஒரு பைசா கழியாது. அதாவது பில் கேட்டு வாங்கும் பழக்கம் உள்ளவருக்குப் பெங்களூரு லாபம், இல்லாதவருக்கு நஷ்டம். சிலருக்கு நான் "இந்த வருடம் தமிழ்நாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்" என்றே சொல்லியிருக்கிறேன்.

ஒரு பர்சென்ட் மட்டும் கட்டற திட்டம் ஒண்ணு இருக்காமே?

காம்போசிஷன். மாநிலம் தாண்டி விற்கிறவருக்கு அது கிடையாது. அதனால் நம் கதைக்கு உதவாது.

ஆன்லைன் சைட்டுல போட்டு வித்தா?

முன்பு அப்படி விற்றாலே பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குள் விற்கும் சிறியவர்கள் ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கிக்கொண்டு சைட்டில் விற்கலாம். ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். அங்கேயும் எல்லை வந்து நிற்கிறது.

தங்கச்சி வீட்டிலிருந்தே பெங்களூர்ப் பசங்களுக்கு ஆன்லைன் டியூஷன் எடுக்கறா. அவளும் எடுக்கணுமா?

வேண்டாம். அது சேவை, பொருள் இல்லை. சேவைக்கு வரம்பு 20 லட்சம், அதற்குள் இருக்கும்வரை வேறு மாநிலத்துக்குச் செய்தாலும் கட்டாயப் பதிவு இல்லை. ஆனால் வருமான வரிக் கணக்கில் அந்தப் பணத்தையும் காட்ட வேண்டும்.

தெரியாம ஒரு வருஷமா பெங்களூருக்கு அனுப்பிட்டு இருக்கோம். இப்ப என்ன பண்றது?

முதலில் நோட்டை எடுத்து, கர்நாடகத்துக்குப் போன முதல் பார்சலின் தேதியைக் கண்டுபிடியுங்கள். பொறுப்பு தொடங்கும் நாள் அதுதான். சட்டப்படி அதிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். அன்றிலிருந்து இன்றுவரை மொத்த விற்பனை எவ்வளவு, அதில் வெளிமாநிலம் எவ்வளவு என்று கூட்டுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல்தான் ஊறுகாய்க்கு 5%. அதற்கு முன் விற்றதற்கு 12%, எனவே அந்தத் தேதியில் ஒரு கோடு போட்டு இரண்டு பகுதியாகக் கூட்ட வேண்டும்.

அந்தத் தாளோடு ஆடிட்டரிடம் போங்கள். பழைய பாக்கியை நீங்களாகவே கட்டுவதற்கு வழி இருக்கிறது, தாமதத்துக்கு ஆண்டுக்கு 18% கணக்கில் வட்டி சேரும். பதிவு செய்யாமல் விற்றதற்கு அபராதம் 10,000 ரூபாய் அல்லது கட்டாத வரி, எது அதிகமோ அது என்று சட்டம் சொல்கிறது. நோட்டீஸ் வருவதற்கு முன் போகிறவருக்கும் வந்த பின் போகிறவருக்கும் பேச்சே வேறு. "இப்போதிலிருந்து மட்டும் காட்டுவோம், பழையதை மறந்துவிடுவோம்" என்று சொல்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள். பேங்க் ஸ்டேட்மெண்ட் மறப்பதில்லை.

பதிவுக்கு என்னென்ன வேணும்? ஏஜென்ட் அஞ்சாயிரம் கேக்கறார்.

அரசுக் கட்டணம் பூஜ்யம். ஏஜென்ட் கேட்பது அவர் கூலி, அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பான், ஆதார், போட்டோ, பேங்க் விவரம், வியாபாரம் நடக்கும் இடத்துக்கு ஆதாரம். வீட்டிலேயே நடத்தலாம். கரண்ட் பில்லோ வீட்டுவரி ரசீதோ அப்பா பெயரில் இருந்தால், அவர் ஒப்புதல் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று கூட வேண்டும். விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெரும்பாலும் இங்கேதான்: கரண்ட் பில்லில் ஒரு கதவு எண், ஆதாரில் வேறு கதவு எண். அனுப்பும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில நேரம் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், வீட்டில் அடுப்பும் அண்டாவும் இருப்பது தப்பில்லை.

கிடைக்கும் எண் 15 இலக்கம், தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்கும். வாசல் பலகையில் அது இருக்க வேண்டும்.

உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவு தனி. அது ஜிஎஸ்டிபோல எல்லை, வரம்பு எதையும் பார்ப்பதில்லை, முதல் பாட்டில் விற்பதற்கு முன்பே எடுக்க வேண்டியது. அந்த 14 இலக்க எண் லேபிளில் வர வேண்டும். லேபிள் அச்சடித்த பிறகு எண் வாங்கி, பேனாவால் எழுதி ஒட்டிய பாட்டில்களையும் பார்த்திருக்கிறேன்.

வருமான வரி எவ்வளவு வரும்? எனக்கு சம்பளத்துல பிடிக்கவே மாட்டாங்க.

பிடிக்காததுதான் சில பேருக்கு ஆபத்து. இரண்டு பேரைப் பார்ப்போம், இருவருக்கும் ஊறுகாய் லாபம் 1,10,000, இருவரும் புதிய வரிமுறையில்.

முதலாமவர் சம்பளம் 7,20,000. நிலைக்கழிவு 75,000 போக 6,45,000. ஊறுகாய் லாபம் சேர்த்தால் 7,55,000. 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி இல்லை. ரிட்டர்ன் மட்டும் போட வேண்டும். வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 இனி ஆகாது, வியாபார வருமானம் இருப்பதால் ஐடிஆர்-4.

இரண்டாமவர் சம்பளம் 12,00,000. கழிவு போக 11,25,000, வரி பூஜ்யம், எனவே கம்பெனி ஒரு ரூபாயும் பிடிக்கவில்லை. ஊறுகாய் லாபம் சேர்ந்ததும் 12,35,000. வரம்பைத் தாண்டிவிட்டார். சாதாரணக் கணக்கில் 65,250 வரும். ஆனால் 12 லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக்கூடாது என்று ஒரு சலுகை இருக்கிறது. தாண்டியது 35,000, எனவே வரி 35,000, 4% செஸ் சேர்த்து 36,400. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்கு. இது ரிட்டர்ன் போட உட்காரும்போது தெரிந்தால் வயிற்றைக் கலக்கும். பத்தாயிரத்துக்கு மேல் வரி பாக்கி வரும் என்றால் முன்வரி கட்டியிருக்க வேண்டும், கட்டாததற்கு மாதம் 1% வட்டி. உத்தேச முறையில் லாபம் காட்டுபவருக்கு மார்ச் 15க்குள் ஒரே தவணை. தவணை ஞாபகம் இருக்காது என்பவர், இந்த வருமானத்தைக் கம்பெனியில் சொன்னால் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள்.

அந்த உத்தேச முறைன்னா என்ன? ஆறு பர்சென்ட் காட்டினா போதும்னு சொல்றாங்களே.

44ஏடி என்று எல்லோரும் சொல்வது. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறினாலும் ஊரில் பேர் அதுவாகவேதான் இருக்கும். முழுக் கணக்குப் புத்தகம் வைக்காமலே, பேங்க் வழியாக வந்ததில் 6%, ரொக்கத்தில் 8% லாபம் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. நம் குடும்பத்துக்கு யுபிஐயில் 5,90,000, ரொக்கம் 90,000. முதலாவதில் 35,400, இரண்டாவதில் 7,200, ஆக 42,600. அதைவிட அதிகமாகக் காட்டலாம், குறைக்கக் கூடாது. குறைத்தால் முறையை விட்டு வெளியே போகிறீர்கள், ஐந்து வருடம் திரும்பி வர முடியாது.

நோட்டு 1,10,000 என்று சொல்லும்போது 42,600 காட்டலாமா என்று கேட்பார்கள். அது குறைந்தபட்சம்தான். கையில் உண்மையான எண் இருக்கும்போது நான் அதையே போடுவேன். இதில் சுயநலமும் உண்டு. அடுத்த வருடம் பெரிய அரைவை மெஷினுக்கு லோன் கேட்டுப் பேங்குக்குப் போவீர்கள். மேனேஜர் பார்ப்பது ரிட்டர்னில் இருக்கும் லாபத்தைத்தான்.

அம்மா பேர்ல போட்டுட்டா என் சம்பளத்தோட சேராதுல்ல?

உண்மையில் யார் வியாபாரம் என்பதுதான் கேள்வி. அம்மாதான் போடுகிறார், அவர் பணம்தான் முதல், அவர் அக்கவுண்டில்தான் வரவு விழுகிறது, செலவும் அவரே முடிவு செய்கிறார் என்றால் அது அவர் வருமானம். தாராளமாக அவர் பானில் பதிவு எடுங்கள். நம் ஊரில் பாதி ஊறுகாய் வியாபாரம் அப்படித்தான், மகன் பார்சல் கட்டுகிறவர் மட்டும். பேர் அம்மாவுடையது, க்யூஆர் உங்களுடையது என்றால் அது நிற்காது. மனைவி பெயரில் போட்டு முதலை நீங்கள் கொடுத்தால், அந்த லாபத்தில் ஒரு பங்கு உங்கள் வருமானத்தோடு சேர்க்கப்படலாம்.

இன்னொன்று, கம்பெனியில் வேலைக்குச் சேரும்போது கொடுத்த ஆர்டரை எடுத்துப் படியுங்கள். வேறு தொழில் செய்யக் கூடாது என்று பலவற்றில் இருக்கும். அரசு ஊழியர் என்றால் நடத்தை விதிகளே அனுமதியில்லாமல் வியாபாரம் செய்வதைத் தடுக்கின்றன, அவர்கள் முதலில் துறையில் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட்டுக்கு மேல மாங்காயே கிடையாது. அந்த மாசங்கள்ல ரிட்டர்ன் போடலேன்னா என்ன?

விற்காத காலத்துக்கும் பூஜ்ய ரிட்டர்ன் போட்டாக வேண்டும். இல்லையென்றால் ஒரு நாளைக்கு 20 ரூபாய் ஏறும், விற்பனை உள்ள காலத்துக்கு 50. சீசன் வியாபாரிகள் அதிகம் விழும் பள்ளம் இது. மழைக்காலம் முழுக்க மறந்துவிட்டு, தை மாதம் எலுமிச்சை ஊறுகாய் போட ஆரம்பிக்கும்போதுதான் நினைவு வரும். உங்கள் அளவுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு ரிட்டர்ன் முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒன்றும் வாங்கவில்லை, விற்கவில்லை என்றால் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். பதிவில் கொடுத்த மொபைலிலிருந்து 14409 என்ற எண்ணுக்கு இப்படி எஸ்எம்எஸ் அனுப்பினால் போதும். நடுவில் இருப்பது உங்கள் ஜிஎஸ்டி எண், கடைசியில் மாதமும் வருடமும். மூன்று மாத முறையில் இருப்பவர் காலாண்டின் கடைசி மாதத்தைப் போட வேண்டும்:

```
NIL 3B 33XXXXXXXXXXXXX 122025
```

பதிலுக்கு ஆறு இலக்கக் குறியீடு வரும், அதை `CNF 3B` என்று தொடங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். விற்பனை விவரம் காட்டும் இன்னொரு ரிட்டர்னுக்கும் இதே வழி, அங்கே `3B` இருக்கும் இடத்தில் `R1`. ஆனால் அந்த மூன்று மாதத்தில் அடுத்த சீசனுக்கென்று பாட்டில் வாங்கி வைத்திருந்தால் எஸ்எம்எஸ் வழி வேண்டாம். அந்தப் பில்லின் 18% உங்களுக்குக் கழிய வேண்டிய பணம், அதைத் தளத்தில் போய் முறையாகக் காட்டித்தான் எடுக்க முடியும்.